11 கேவி ஃபீடரும் மின்மாற்றி இன்கமரும்: ஓவர்கரன்ட் ரிலே செட்டிங்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி?

எங்கள் ஆலையில் கம்ப்ரசர் கூடத்துக்குப் போகும் 11 கேவி கேபிளில் ஒரு ஜாயின்ட் வெடித்தது. அந்த ஃபீடரின் பிரேக்கர் மட்டும் திறந்திருந்தால் போதும். ஆனால் 33 கேவி பிரேக்கரும் கூடவே திறந்து, ஆலை முழுவதும் இருண்டது. ரிலேக்களைக் கழற்றிச் சோதித்தால் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன. அவற்றில் போட்டிருந்த எண்கள்தாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த எண்களைத் திருத்தப் புறப்பட்டபோது, தேவையான விவரங்கள் நான்கு அலுவலகங்களிலும் ஐந்து கோப்புகளிலும் சிதறிக் கிடந்தன. பாடப்புத்தகங்களில் சூத்திரம் இருக்கிறது. எதை முதலில் கேட்பது, எந்த எண்ணை எங்கே வைத்துச் சரிபார்ப்பது என்பது இல்லை. அந்த வேலை முதன்முறையாக உங்கள் மேசைக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

கணக்கு முழுவதையும் ஒரே அமைப்பை வைத்துப் பார்ப்போம். மின்வாரியத்தின் 33 கேவி லைனிலிருந்து ஆலைக்கு மின்சாரம் வருகிறது. 10 எம்விஏ, 33/11 கேவி மின்மாற்றி ஒன்று, இணைப்பு வகை `Dyn11`, இம்பிடன்ஸ் 8.35 சதவீதம். அதன் 11 கேவி பக்கம் இன்கமர் பிரேக்கர், பிறகு பஸ்பார், அதிலிருந்து ஃபீடர்கள். நாம் எடுத்துக்கொள்ளும் ஃபீடர் 2 எம்விஏ மின்மாற்றிகள் இரண்டுக்கு மின்சாரம் தருகிறது. எல்லா இடத்திலும் நியூமெரிக்கல் ரிலே.

1. தாள்களைத் திரட்டுங்கள், மின்வாரியத்துக்கு முதல் நாளே எழுதுங்கள்

எல்லாவற்றிலும் அதிகம் தாமதமாவது மின்வாரியத்தின் பதில். அதனால் அந்தக் கடிதம் முதலில் போக வேண்டும். அதில் நான்கு விவரங்களைக் கேளுங்கள். உங்கள் 33 கேவி இணைப்புப் புள்ளியில் அதிகபட்ச, குறைந்தபட்ச ஃபால்ட் லெவல். உங்கள் லைனின் தொடக்கத்தில், அவர்களுடைய துணைமின் நிலையத்தில் இருக்கும் ரிலேயின் சிடி விகிதம். அதன் பிளக் செட்டிங்கும் டைம் மல்டிப்ளையரும் வளைவின் வகையும். அதில் ஹைசெட் இயக்கத்தில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை ஆம்பியர். இந்த நான்காவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வதும் இல்லை.

பதில் வரும்வரை ஆலைக்குள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒற்றைக் கோட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சிடியின் பெயர்ப்பலகையையும் புகைப்படம் எடுங்கள். வரைபடத்தில் 300/1 என்றிருக்கும். பலகையில் 300-150/1 என்று இரட்டை விகிதம் இருக்கும். எந்த முனையில் வயர் கட்டியிருக்கிறார்கள் என்பது பேனலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். மின்மாற்றியின் இம்பிடன்ஸைப் பெயர்ப்பலகையிலிருந்தோ சோதனைச் சான்றிதழிலிருந்தோ எடுங்கள், கொள்முதல் ஆணையிலிருந்து எடுக்காதீர்கள். 10 சதவீதத்துக்குக் குறைவான இம்பிடன்ஸுக்கு, உத்தரவாதம் தந்த மதிப்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ தர விதிமுறை இடம் தருகிறது. ஃபீடரின் உச்ச மின்னோட்டத்தை மீட்டர் பதிவேட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ரிலேயில் இப்போது இருக்கும் செட்டிங் கோப்பைக் கணினியில் இறக்கி, தேதியிட்டு வையுங்கள். பழைய தாளில் இருப்பதும் ரிலேக்குள் இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நம் உதாரணத்துக்கு வந்த பதில்: 33 கேவியில் ஃபால்ட் லெவல் 500 எம்விஏ. மின்வாரிய ரிலே 400/1 சிடியில், பிளக் செட்டிங் 100 சதவீதம், டைம் மல்டிப்ளையர் 0.26, ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவு.

2. பழுது மின்னோட்டத்தை ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள்

கணக்கு சிறியது. 10 எம்விஏ அடிப்படையில் மின்வாரியத்தின் இம்பிடன்ஸ் 10/500, அதாவது 0.02. மின்மாற்றியுடையது 0.0835. இரண்டையும் கூட்டினால் 0.1035. 10-ஐ இதால் வகுத்தால் 96.6 எம்விஏ. 11 கேவி பஸ்பாரில் மூன்று ஃபேஸும் ஒன்றாகக் குறுக்கிட்டால் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 5070 ஆம்பியர். அதே நேரத்தில் மின்மாற்றியின் 33 கேவி பக்கம் ஓடுவது இதில் மூன்றில் ஒரு பங்கு, 1690 ஆம்பியர்.

இந்த இரண்டு எண்களும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள். 33 கேவி ரிலேயின் நேரத்தைக் கணக்கிடும்போது 5070-ஐப் போடுவதும், அந்தப் பக்கத்துப் பழுதான 8750 ஆம்பியரை வைத்து 11 கேவி ரிலேயோடு ஒப்பிடுவதும் புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழைகள். இரண்டு ரிலேக்களும் சேர்ந்து பார்க்கும் மின்னோட்டத்தில்தான் அவற்றை ஒப்பிட முடியும். 33 கேவி யார்டில் நேரும் பழுதின் மின்னோட்டம் 11 கேவி இன்கமர் வழியாக ஓடுவதே இல்லை.

3. பிளக் செட்டிங்: சுமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பிளக் செட்டிங் என்பது ரிலே எந்த மின்னோட்டத்தில் எண்ணத் தொடங்குகிறது என்பது. அதைச் சுமை தீர்மானிக்கிறது. பழுது மின்னோட்டத்துக்கு இதில் வேலை இல்லை.

ஃபீடரில் 2 எம்விஏ மின்மாற்றிகள் இரண்டும் முழுச்சுமையில் ஓடினால் 210 ஆம்பியர். சிடி 300/1. பிளக் செட்டிங் 90 சதவீதம் என்றால் 270 ஆம்பியர். முழுச்சுமைக்கு மேல் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி இருக்கிறது. மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்போது இது தேவைப்படும்.

இன்கமரில் மின்மாற்றியின் முழுச்சுமை 525 ஆம்பியர், சிடி 600/1. பிளக் செட்டிங் 100 சதவீதம், 600 ஆம்பியர்.

33 கேவி பக்கம் முழுச்சுமை 175 ஆம்பியர், சிடி 200/1. இங்கேயும் 100 சதவீதம் என்று போடத் தோன்றும். ஆனால் 33 கேவியின் 200 ஆம்பியரை 11 கேவிக்கு மாற்றினால் 600 ஆம்பியர்; இன்கமரின் அதே அளவு. இரண்டும் ஒரே புள்ளியில் எண்ணத் தொடங்கினால், சிடியின் சிறு பிழையே எது முன்னே என்பதை முடிவு செய்துவிடும். அதனால் 110 சதவீதம், 220 ஆம்பியர். 11 கேவிக்கு மாற்றினால் 660. மேலே இருக்கும் ரிலே எப்போதும் கீழே இருப்பதைவிடத் தாமதமாகவே விழிக்க வேண்டும். சதவீதங்களை ஒப்பிட்டால் இது தெரியாது. ஆம்பியராக மாற்றி, ஒரே மின்னழுத்தத்தில் வைத்துப் பாருங்கள்.

4. ஃபீடரின் ஹைசெட்டையும் நேரத்தையும் போடுங்கள்

எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். ஃபீடர்தான் தொடக்கம்.

ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவுக்குச் சூத்திரம் இது:

```
t = TMS × 0.14 / (M^0.02 − 1)
M = If / Is
```

`TMS` டைம் மல்டிப்ளையர், `If` பழுது மின்னோட்டம், `Is` நாம் போட்ட பிளக் செட்டிங்கின் ஆம்பியர். ஒரு விரிதாளில் இதை எழுதிவிட்டால் போதும். ஒரே வரிசையில் நான்கைந்து ரிலே இருக்கும் ஆலைக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை.

ஃபீடருக்குக் கீழே 433 வோல்ட் பக்கம் ஏசிபி இருக்கிறது. அதன் குறுங்காலத் தாமதம் 0.3 விநாடி. 2 எம்விஏ மின்மாற்றியின் இம்பிடன்ஸ் 6.25 சதவீதம் என்பதால், 433 வோல்ட் பஸ்பாரில் நேரும் பழுது 11 கேவி பக்கம் ஏறத்தாழ 1260 ஆம்பியராகத் தெரியும். டைம் மல்டிப்ளையர் 0.15 என்று வைத்தால் ஃபீடர் ரிலே அந்தப் பழுதுக்கு 0.67 விநாடி எடுக்கும். ஏசிபி தன் வேலையை முடிக்கப் போதிய நேரம்.

அடுத்தது ஹைசெட், அதாவது தாமதமின்றி உடனே திறக்கச் சொல்லும் பகுதி. அதற்கு இரண்டு கீழ் எல்லைகள் உண்டு. 433 வோல்ட் பழுதுக்கு அது அசையக் கூடாது. இதற்காக மின்வாரியத்தின் இம்பிடன்ஸையும் 10 எம்விஏ மின்மாற்றியின் இம்பிடன்ஸையும் சுழியம் என்று வைத்துக் கிடைக்கும் 1680 ஆம்பியரை 1.3-ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 2180. மின்மாற்றிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் நொடியில் பாயும் இன்ரஷ் மின்னோட்டத்துக்கும் அசையக் கூடாது. இரண்டும் ஒன்றாக இயக்கப்பட்டால், முழுச்சுமையின் 12 மடங்கு என்று கொண்டு, 2520 ஆம்பியர். ஆகவே ஹைசெட் 2700 ஆம்பியர், சிடி மதிப்பின் 9 மடங்கு. கேபிளில் நேரும் மூன்று ஃபேஸ் பழுது 5000 ஆம்பியரை ஒட்டியும், இரண்டு ஃபேஸ் பழுது 4390 ஆம்பியரை ஒட்டியும் இருப்பதால், இரண்டையும் ஹைசெட் தவறாமல் பிடிக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில ரிலேக்களில் ஹைசெட்டை சிடி மதிப்பின் மடங்காகப் போட வேண்டும். சிலவற்றில் பிளக் செட்டிங்கின் மடங்காக. திரையில் வெறும் 9 என்றுதான் தெரியும். முதல் வகையில் அது 2700 ஆம்பியர். இரண்டாம் வகையில் 270-இன் 9 மடங்கு, 2430. நாம் கணக்கிட்ட இன்ரஷ் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. மின்வெட்டு முடிந்து ஃபீடரைப் போடும்போதெல்லாம் அது டிரிப் ஆகிறது, ஆனால் மெகர் சோதனையில் கேபிள் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

5. இன்கமர்: இடைவெளியை எங்கே அளப்பது?

இரண்டு ரிலேக்களுக்கு இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும்? கீழே இருக்கும் பிரேக்கர் திறந்து, அதன் பொறி அணைய 60 முதல் 80 மில்லிவிநாடி. இரண்டு ரிலேக்களின் நேரப் பிழை, சிடிக்களின் பிழை, கொஞ்சம் பாதுகாப்பு. எல்லாம் சேர்த்து நியூமெரிக்கல் ரிலேக்களுக்கு 0.3 விநாடி. சுழலும் தட்டு உள்ள பழைய எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலே ஒன்று நடுவில் இருந்தாலும் 0.4 விடுங்கள், மின்னோட்டம் நின்ற பிறகும் அதன் தட்டு சற்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபீடரும் இன்கமரும் ஒரே வளைவுக் குடும்பமாக இருந்து, இன்கமரின் பிளக் செட்டிங் அதிகமாக இருந்தால், மின்னோட்டம் கூடக்கூட இடைவெளி குறையும். ஆகவே உச்ச பழுது மின்னோட்டத்தில் சரிபார்த்தால் மற்ற இடங்களில் தானாகவே சரியாக இருக்கும். ஒரு ரிலேயில் வெரி இன்வர்ஸும் இன்னொன்றில் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸும் இருந்தால் இந்த உறுதி கிடையாது. நடுவில் எங்காவது கோடுகள் வெட்டிக்கொள்ளலாம். புது ரிலேயை மாற்றிப் பொருத்தும்போது தொழிற்சாலையிலிருந்து வந்த வளைவு அப்படியே கிடந்து இந்தச் சிக்கல் வருவதுண்டு.

முதலில் ஹைசெட்டை மறந்துவிட்டுக் கணக்கிடுவோம். 5070 ஆம்பியரில் ஃபீடர் 0.35 விநாடி. இன்கமர் 0.65 ஆவது எடுக்க வேண்டும். 600 ஆம்பியர் பிளக் செட்டிங்குக்கு இது டைம் மல்டிப்ளையர் 0.21 என்று வருகிறது, நேரம் 0.67 விநாடி. பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மேலே இடம் தாராளமாக இருந்தால் நிறுத்துவதில் தவறில்லை. இடம் இருக்கிறதா என்பது அடுத்த இரண்டு படிகளில் தெரியும்.

6. 33 கேவி ரிலே: `Dyn11` ஒளித்துவைத்திருக்கும் பிழை

மூன்று ஃபேஸ் பழுதை மட்டும் பார்த்தால் கணக்கு எளிது. 33 கேவி பக்கம் 1690 ஆம்பியர், பிளக் செட்டிங் 220. டைம் மல்டிப்ளையர் 0.29 வைத்தால் 0.98 விநாடி. இன்கமரின் 0.67-க்கு மேல் 0.3 இடைவெளி. விரிதாள் பச்சை காட்டும்.

ஆனால் 11 கேவி பக்கம் இரண்டு ஃபேஸ்கள் மட்டும் குறுக்கிட்டுக்கொண்டால் நடப்பது வேறு. அப்போது 11 கேவியில் ஓடுவது மூன்று ஃபேஸ் அளவின் 0.866 மடங்கு, அதாவது 4390 ஆம்பியர். டெல்டா-ஸ்டார் இணைப்பின் காரணமாக 33 கேவி பக்கத்தில் இது சமமாகப் பிரிவதில்லை. இரண்டு ஃபேஸ்களில் பாதிப் பாதியும், மூன்றாவது ஃபேஸில் மூன்று ஃபேஸ் பழுதின் முழு அளவும் ஓடும். அதாவது இன்கமர் ரிலே குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து மெதுவாகப் போகிறது. மேலே உள்ள ரிலேயின் ஓர் உறுப்பு அதே 1690-ஐப் பார்த்து அதே வேகத்தில் போகிறது. இன்கமருக்கு 0.72 விநாடி, மேலே 0.98. இடைவெளி 0.25 ஆகச் சுருங்கிவிட்டது.

ஆகவே மின்மாற்றியின் இரு பக்கங்களுக்கு இடையே ஒப்பிடும்போது, 11 கேவி ரிலேயின் நேரத்தை 0.866 மடங்கு மின்னோட்டத்திலும், 33 கேவி ரிலேயின் நேரத்தை முழு மின்னோட்டத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள். நம் அமைப்பில் இதன்படி 33 கேவி ரிலேக்கு டைம் மல்டிப்ளையர் 0.31 தேவை, நேரம் 1.04 விநாடி.

33 கேவி பக்கத்து ஹைசெட்டுக்கும் ஃபீடரின் அதே தர்க்கம்தான். மின்வாரிய இம்பிடன்ஸ் சுழியம் என்றால் 11 கேவி பழுது 33 கேவியில் 2096 ஆம்பியர், அதன் 1.3 மடங்கு 2725. இன்ரஷ், முழுச்சுமையின் 12 மடங்கு, 2100. ஆகவே 2800 ஆம்பியர், சிடி மதிப்பின் 14 மடங்கு. இதை 2000-க்குக் கீழே இறக்கி வைத்திருந்தால், 11 கேவி பழுது ஒவ்வொன்றும் ஆலையை இருட்டாக்கும் வாய்ப்பு உண்டு. பழுதின் தொடக்கத்தில் மின்னோட்ட அலை ஒரு பக்கமாகச் சாய்ந்து உயர்வதை மறந்துவிடுவார்கள், அந்த 1.3 அதற்காகத்தான். எங்கள் ஆலை இருண்டதற்கும் காரணம் இதுவே.

7. மேல் எல்லை இடித்தால் என்ன செய்வது?

இப்போது மின்வாரியத்தின் ரிலேயைப் பாருங்கள். 1690 ஆம்பியருக்கு அது 1.25 விநாடியில் திறக்கும். நம்முடையது 1.04. இடைவெளி 0.2 மட்டுமே. நம் ஆலையின் பஸ்பார் பழுதுக்கு அவர்களுடைய லைன் போய்விடக் கூடும். அந்த லைனில் வேறு நுகர்வோர் இருந்தால் கடிதம் வரும்.

மின்வாரியத்தை அவர்களுடைய நேரத்தைக் கூட்டச் சொல்லலாம். அவர்களுக்கும் மேலே ஒரு மின்மாற்றி ரிலே இருக்கிறது. பதில் பெரும்பாலும் மறுப்புத்தான். அதனால் கீழிருந்து நேரத்தைச் சேமிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி ஃபீடரின் ஹைசெட்டைக் கணக்கில் எடுப்பது. 2700 ஆம்பியருக்கு மேல் ஃபீடர் உடனே திறந்துவிடுகிறது. ஆகவே வளைவுகளை 5070-இல் ஒப்பிடத் தேவையில்லை. ஹைசெட் தொடங்கும் 2700-இல் ஒப்பிட்டால் போதும். அங்கே ஃபீடரின் நேரம் 0.45 விநாடி. இன்கமரின் டைம் மல்டிப்ளையரை 0.21-லிருந்து 0.17-க்கு இறக்கினால், அதே 2700-இல் அது 0.78 விநாடி எடுக்கும். இடைவெளி 0.33. பஸ்பார் பழுதுக்கு இன்கமரின் நேரம் இப்போது 0.55 விநாடி. என்றாவது ஹைசெட் வேலை செய்யாமல் போனாலும், ஃபீடர் 0.35-இல் உத்தரவு கொடுத்து 0.42-க்குள் பிரேக்கரைத் திறந்துவிடும். இடைவெளி மெலிதாகும், ஆனால் தலைகீழாகாது.

இதோடு 33 கேவி ரிலேயும் இறங்குகிறது. இரண்டு ஃபேஸ் பழுதில் இன்கமர் 0.59, மேலே டைம் மல்டிப்ளையர் 0.27 வைத்தால் 0.91 விநாடி. இடைவெளி 0.32. மின்வாரியத்தின் 1.25-க்கும் இதற்கும் 0.34. எல்லாப் படிகளும் உட்கார்ந்துவிட்டன. மின்மாற்றி வெளிப் பழுதை 2 விநாடி தாங்க வேண்டும் என்பது விதிமுறை; 0.91 அதற்கு உள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் வீண் பிடிவாதம் பார்த்திருக்கிறேன். ஒரே மின்மாற்றி உள்ள ஆலையில், 33 கேவி பிரேக்கர் திறந்தாலும் 11 கேவி இன்கமர் திறந்தாலும் இருளாவது அதே பஸ்பார்தான். நடுவில் வேறு சுமை எதுவும் இல்லை. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையே 0.3 விநாடியைக் காப்பதால் மின்சாரம் மிஞ்சுவதில்லை; பழுது எங்கே என்று ரிலேயின் கொடியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதாகும், அவ்வளவே. நேரம் உண்மையிலேயே போதாத ஆலையில் நான் முதலில் விட்டுக்கொடுப்பது இந்த இடைவெளியைத்தான்; ஃபீடருக்கும் இன்கமருக்கும் இடையே உள்ளதை விடமாட்டேன். இரண்டு மின்மாற்றிகள் இணையாக ஓடினால் இந்தச் சலுகை கிடையாது.

மின்வாரியத்தின் ஹைசெட்டைக் கேட்கச் சொன்னதன் காரணமும் இங்கேதான். அது உங்கள் 33 கேவி யார்டு வரை எட்டினால், அங்கே நேரும் பழுதுக்கு இரண்டு பிரேக்கர்களும் ஒன்றாகத் திறக்கும். அதை நேர இடைவெளியால் தீர்க்க முடியாது. முன்கூட்டியே தெரிந்திருந்தால், பழுது நேர்ந்த அன்று உங்கள் செட்டிங்கைக் குறை சொல்ல மாட்டார்கள்.

முடிவில் வந்த எண்கள்:

| ரிலே | சிடி | பிளக் செட்டிங் | டைம் மல்டிப்ளையர் | ஹைசெட் | 11 கேவி பஸ்பாரில் மூன்று ஃபேஸ் பழுதுக்கு நேரம் |
|---|---|---|---|---|---|
| ஃபீடர் | 300/1 | 270 ஆ | 0.15 | 2700 ஆ | பார்க்காது |
| 11 கேவி இன்கமர் | 600/1 | 600 ஆ | 0.17 | இல்லை | 0.55 வி |
| 33 கேவி | 200/1 | 220 ஆ | 0.27 | 2800 ஆ | 0.91 வி |
| மின்வாரியம் | 400/1 | 400 ஆ | 0.26 | கேட்டு எழுதவும் | 1.25 வி |

இன்கமரில் ஹைசெட் இல்லை என்பதைக் கவனியுங்கள். பஸ்பாரில் நேரும் பழுதும், ஃபீடர் பிரேக்கரைத் தாண்டிக் கேபிளின் முதல் மீட்டர் தூரத்துக்குள் நேரும் பழுதும் இன்கமருக்கு ஒரே மின்னோட்டமாகத்தான் தெரியும். அங்கே ஹைசெட்டை இயக்கினால் இதுவரை போட்ட கணக்கு முழுவதும் வீண்.

எர்த் ஃபால்ட் ரிலேக்களுக்கு இதே முறையில் தனியாக ஒரு வரிசை போட வேண்டும். டெல்டா சுற்று தடுப்பதால் 11 கேவி எர்த் ஃபால்ட் 33 கேவி எர்த் ஃபால்ட் ரிலேக்குத் தெரியாது. அந்த வரிசை மின்மாற்றியோடு முடிந்துவிடும்.

8. ரிலேயில் ஏற்றிச் சோதியுங்கள்

சோதனைக்கு வருபவர்கள் வழக்கமாகப் பிளக் செட்டிங்கின் 2, 5, 10 மடங்கு மின்னோட்டத்தைச் செலுத்தி நேரம் பார்ப்பார்கள். ஃபீடருக்கு வர வேண்டியவை 1.50, 0.64, 0.45 விநாடி. இதில் 10 மடங்கு என்பது 9 ஆம்பியர். நம் ஹைசெட்டும் அதே 9 ஆம்பியரில்தான் இருக்கிறது. ஆகவே வளைவைச் சோதிக்கும்போது ஹைசெட்டை நிறுத்திவைப்பார்கள். முடிந்ததும் மறுபடி இயக்க மறந்துவிட்டால், ஏழாவது படியில் இன்கமருக்குச் சேமித்த நேரத்தின் ஆதாரமே போய்விடும். சோதனையின் கடைசி வேலையாக 8.55 ஆம்பியரில் ஹைசெட் அசையவில்லை, 9.45-இல் உடனே இயங்குகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள்.

வழக்கமான மடங்குகளோடு, நாம் ஒப்பிட்ட அதே பழுது மின்னோட்டத்தையும் செலுத்தச் சொல்லுங்கள். நம் அமைப்பில் 5070-ஐ 600-ஆல் வகுத்தாலும் 1690-ஐ 200-ஆல் வகுத்தாலும் 8.45 ஆம்பியர்தான் வருகிறது; இரண்டு ரிலேக்களுக்கும் ஒரே அளவைச் செலுத்தி 0.55, 0.91 என்று வருகிறதா எனப் பார்க்கலாம். 33 கேவியின் ரிலேயில் இது பிளக் செட்டிங்கின் 7.7 மடங்கு, 5-க்கும் 10-க்கும் நடுவே விழுவதால் வழக்கமான சோதனையில் இந்தப் புள்ளி பார்க்கப்படுவதே இல்லை.

ஃபீடர் சிடியின் மீதும் ஒரு கண் வையுங்கள். 5070 ஆம்பியர் அதன் மதிப்பின் 17 மடங்கு. பலகையில் `5P10` என்று இருந்தால், முழுச் சுமை கட்டிய நிலையில் 10 மடங்குவரைதான் உத்தரவாதம். நியூமெரிக்கல் ரிலே மிகக் குறைந்த சுமை என்பதால் நடைமுறையில் அந்த எல்லை பல மடங்கு உயர்ந்துவிடும். பழைய எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேயும் நீளமான வயரும் இருந்தால் கணக்கிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

9. செலவு, நேரம், தாள்

கணக்குக்குப் பணம் செலவாவதில்லை. செலவு சோதனையிலும் மின்நிறுத்தத்திலும் இருக்கிறது. சோதனை நிறுவனங்கள் பெரும்பாலும் ரிலேக்கு இவ்வளவு என்றும், கருவியைக் கொண்டுவருவதற்கு இவ்வளவு என்றும் தனித்தனியாக விலை சொல்வார்கள். ஒரு ரிலேக்காக வந்தாலும் எல்லா ரிலேக்களுக்காகவும் வந்தாலும் கொண்டுவரும் செலவு ஒன்றுதான். எனவே எல்லா ரிலேக்களையும் ஆண்டுப் பராமரிப்பு மின்நிறுத்தத்தில் சேர்த்துச் சோதிப்பது சிக்கனம். விலைப்புள்ளி கேட்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, அறிக்கையை மின் ஆய்வுத் துறை ஏற்குமா, பிரேக்கரை உண்மையாகவே டிரிப் செய்து காட்டுவது விலையில் அடங்குமா. மூன்றாவதைக் கேட்காவிட்டால், ரிலே திரையில் நேரம் காட்டியதோடு வேலை முடிந்துவிடும். டிரிப் காயிலுக்குப் போகும் வயர் அறுந்திருந்தாலும் தெரியாது.

விடுமுறை நாளில் மின்நிறுத்தம் கேட்பவர்கள், மின்வாரியத்தின் பதில் கையில் வந்த பிறகே தேதி குறிப்பது நல்லது. பதில் வரும் முன் தோராயமாக ஏற்றிவிட்டுப் பிறகு திருத்தலாம் என்றால், அதே சோதனைக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டிவரும்.

செட்டிங் தாளில் ஒவ்வொரு ரிலேக்கும் சதவீதத்தோடு ஆம்பியரையும் எழுதுங்கள். ஹைசெட் எதன் மடங்கு என்பதை அதே கட்டத்தில் குறியுங்கள். கணக்குக்கு எடுத்த ஃபால்ட் லெவலையும் மின்வாரியக் கடிதத்தின் எண், தேதியையும் மேலே போடுங்கள்; அவர்கள் தங்கள் பக்கம் மின்மாற்றியைப் பெரிதாக்கினால் 500 எம்விஏ என்பது மாறும், உங்கள் கணக்கைத் திரும்பப் போட வேண்டிய நாள் அது. ஒரு பிரதி மின்வாரியத்துக்கு, ஒன்று மின் ஆய்வுத் துறைக் கோப்புக்கு, ஒன்று பேனல் கதவின் உட்புறத்தில். ரிலேயிலிருந்து இறக்கிய இறுதிக் கோப்பையும் தாளோடு சேர்த்து வையுங்கள். ரிலே பழுதாகி நள்ளிரவில் புதியதைப் பொருத்துபவருக்கு அந்தக் கோப்புத்தான் தேவைப்படும்.